படுத்திருக்கும் அட்டவணையை நிமிர்த்தும்போது

கோவையில் எனக்குத் தெரிந்த தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஒரு மாலை. நூற்பாலை ஒன்றின் எட்டு ஆண்டுக் கணக்கறிக்கைகள், ஸ்கேன் செய்த படங்களாக வந்திருந்தன. வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கைக்கு அவற்றிலிருந்து எண்களை எடுக்க வேண்டும். ஆர்டிகிள் பயிற்சியில் இருந்த பெண், பக்கவாட்டில் படுத்திருந்த நிலைச்சொத்து அட்டவணையைத் திருப்பி, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, எக்ஸலில் ஒட்டினார். அடியில் கூட்டிப் பார்த்து, "டேலி ஆகுதுங்க சார்" என்றார். மூத்தவர் கேட்டது ஒன்றுதான்: "குறுக்கே கூட்டிப் பாத்தீங்களா, கண்ணு?" பார்த்தால், இயந்திரங்கள் வரிசையின் கடைசிக் கட்டங்களில் கட்டடத்தின் எண்கள் உட்கார்ந்திருந்தன.

பக்கத்தைத் திருப்பியது சரி. ஆனால் திருப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

இந்த அட்டவணை ஏன் படுக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, ஒவ்வொரு வகைச் சொத்துக்கும் ஆண்டுத் தொடக்க மதிப்பு, சேர்த்தது, கழித்தது, இறுதி மதிப்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். தேய்மானத்துக்கும் அப்படியே நான்கு பத்திகள் விழும். பிறகு இந்த ஆண்டு, சென்ற ஆண்டு நிகர மதிப்புகள். ஆக, பத்து எண் பத்திகளும் ஒரு பெயர்ப் பத்தியும். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் இவை நிமிர்ந்து நிற்க இடமில்லை. அதனால் அச்சில் பக்கத்தின் நீளத்தோடு படுக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் அட்டவணையின் தலை இடப்பக்கம் இருக்கும். தாளை வலப்புறமாகத் திருப்பினால் படிக்கலாம்.

மனிதர் தாளைத் திருப்புவார், அல்லது தலையைச் சாய்ப்பார். எழுத்துணரியோ வரிகளை இடமிருந்து வலமாகத் தேடும். படுத்த பக்கத்தை அப்படியே கொடுத்தால் குப்பை வரும், அல்லது ஒன்றுமே வராது. ஆகவே முதலில் நிமிர்த்துவதை மறுக்க முடியாது. தொண்ணூறு பாகைத் திருப்பலில் ஒரு நல்ல குணமும் இருக்கிறது. புள்ளிகள் இடம் மாறுமே தவிர, கலங்காது. எண்ணின் கூர்மை குறையாது.

சிக்கல், எந்தப் பக்கம் திருப்புவது என்று இயந்திரத்தை முடிவெடுக்க விடும்போது வருகிறது. டெசராக்ட் என்ற எழுத்துணரியிடம் திசையை மட்டும் கேட்கலாம்:

```
tesseract page.png - --psm 0
```

அது எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும், அதில் தனக்குள்ள நம்பிக்கையையும் (`Orientation confidence`) சொல்லும். எழுத்து வடிவங்களைப் பார்த்துத்தான் இதைக் கணிக்கிறது. இயக்குநர் அறிக்கை போன்ற சொற்கள் நிறைந்த பக்கத்தில் தடுமாறாது. நிலைச்சொத்து அட்டவணையிலோ சொற்கள் மிகக் குறைவு, எல்லாம் இலக்கங்கள். 0, 1, 8 ஆகியவை தலைகீழானாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; 6 ஒன்பதாகும், 9 ஆறாகும். எந்தப் பக்கத்துக்குத் திருப்பல் அதிகம் தேவையோ, அந்தப் பக்கத்திலேயே கணிப்பு பலவீனமாகிறது. இந்த நடைமுறையில் நான் காணும் பெரிய குறை இது.

தலைகீழாய்ப் போனால் எப்படித் தெரியும்? நம் ஊர்க் கணக்கு முறை இங்கே துணைக்கு வருகிறது. மாதிரிக்கு 1,86,908 என்ற எண்ணை எடுப்போம். தலைகீழாக்கினால் 806,98,1 என்று நிற்கும். காற்புள்ளிகளின் ஒழுங்கு குலைந்துவிட்டது. லட்சம், ஆயிரம் என்று கணக்கெழுதிப் பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடன் உறுத்தும். இதையே மூன்று மூன்றாகப் பிரித்து 186,908 என்று எழுதியிருந்தால் 806,981 ஆகும். அந்த எண்ணில் பார்வைக்கு எந்தக் குற்றமும் இல்லை. வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் உள்ள கோவைக் கம்பெனிகளின் அறிக்கைகளில், மில்லியனில் எழுதப்பட்ட பக்கங்களை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கச் சொல்வேன். தசமம் உள்ள எண்ணும் காட்டிக்கொடுக்கும்: 96.80 என்பது 08.96 ஆகும், 618.90 என்பது 06.819 ஆகும். ஆனால் 689 போன்ற எண் தலைகீழானாலும் 689தான். ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

திசை சரியானபின் இரண்டாவது பிழை காத்திருக்கிறது. அந்தப் பெண் மாட்டிக்கொண்டது இதில்தான். ஸ்கேனரில் தாள் ஒரு பாகை சாய்ந்து போயிருந்தது. ஒரு பாகை என்பது கண்ணுக்கே பெரிதாகத் தெரியாது. ஆனால் அட்டவணை 270 மில்லிமீட்டர் அகலம். அந்தச் சாய்வு வலது ஓரத்தில் ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். சிறு எழுத்தில் அச்சான வரிகளுக்கிடையே இருப்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அதாவது இடப்பக்கம் 'இயந்திரங்கள்' என்று தொடங்கும் வரி, வலக்கோடியில் அடுத்த வரியைத் தாண்டி நிற்கும். அகலமான அட்டவணைக்கு மட்டும் இப்படி நேரக் காரணம் அதன் அகலமே. நிமிர்ந்த பக்கத்தின் சின்ன அட்டவணையில் அதே சாய்வு தொல்லை தராது.

சாய்வைச் சரிசெய்யவும் ஒரு விலை உண்டு. ஒரு பாகை திருப்பும்போது புள்ளிகள் பழைய இடங்களுக்கு நடுவே விழுவதால், நிறத்தைச் சராசரி எடுத்து நிரப்ப வேண்டும். தசமப் புள்ளியும் அடைப்புக்குறியும் அதில் மங்கும். தெளிவு குறைந்த ஸ்கேனில் ஏழு பாயின்ட் எண் பதினைந்து புள்ளி உயரம்கூட இருக்காது. அந்த நிலையில் சாய்வைத் திருத்துவதைவிட, தாளை நேராக வைத்து 300 புள்ளி அடர்த்தியில் மறுபடி ஸ்கேன் எடுப்பது மேல் என்பது என் முடிவு. மூலத்தாள் ஆலையிலேயே இருக்கும்போது கேட்டு வாங்கலாம்.

இப்போது கூட்டலுக்கு வருவோம். வரி மாறினாலும் பத்தியில் உள்ள எண்கள் அதே எண்கள்தான். மேலும் கீழும் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. அதனால் அடிக்கூட்டல் பெரும்பாலும் டேலி ஆகிவிடும். பிழையைப் பிடிப்பது குறுக்குக் கூட்டல். இயந்திரங்கள் வரியில் தொடக்கம் 9,816.08, சேர்த்தது 618.90, கழித்தது 96.80 என்று வைத்துக்கொள்வோம். இறுதி 10,338.18 வர வேண்டும். அந்தக் கட்டத்தில் வேறு எண் இருந்தால் பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். அடிக்கூட்டலை மட்டும் வைத்து அட்டவணையை ஒப்புக்கொள்வது, சாய்ந்த பக்கத்தைப் பொறுத்தவரை, சரிபார்க்காததற்குச் சமம்.

எல்லா அறிக்கைகளும் ஸ்கேன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கணினியில் வடிவமைத்து வெளிவரும் பி.டி.எஃப்.களில் எண்கள் எழுத்தாகவே இருக்கும். அதைப் படமாக்கி, திருப்பி, மறுபடி எழுத்துணரியில் ஓட்டுவது வீண்வேலை மட்டுமல்ல, இல்லாத பிழைகளை உண்டாக்குவதும்கூட. அங்கே எண்களை நேராகவே எடுக்க வேண்டும். கண்ணால் ஒப்பிட மட்டும் பக்கம் நிமிர வேண்டுமென்றால் ஒரு வரி போதும்:

```
qpdf --rotate=+90:84 in.pdf out.pdf
```

இது 84ஆம் பக்கத்தை வலப்புறம் திருப்பிக் காட்டுமாறு ஒரு குறிப்பை மட்டும் மாற்றுகிறது. உள்ளிருக்கும் எழுத்தைத் தொடுவதில்லை. திருப்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல அறிக்கைகளில் அட்டவணை மட்டும் படுத்திருக்க, கம்பெனிப் பெயரும் பக்க எண்ணும் நிமிர்ந்து நிற்கும். முழுப் பக்கத்தையும் திருப்பினால் அவை படுத்துவிடும். பிறகு எந்த எண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேட வேண்டிவரும். அந்த அலுவலகத்தில் இப்போது அட்டவணைப் பகுதியை மட்டும் வெட்டித் திருப்பி, கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் பக்க எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். எக்ஸலில் கடைசிப் பத்தியாகக் குறுக்குக் கூட்டல் வித்தியாசத்தையும் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு வரியில் சுழியம் வராவிட்டால் அந்தப் பக்கம் திரும்பவும் ஸ்கேனருக்குப் போகிறது.