தாம்பரத்தோடு நிறுத்திய வெட்டு

2015 ஏப்ரல் 22 அன்று, காகித டிக்கெட் இல்லாமல் கைப்பேசித் திரையை மட்டும் காட்டி மின்சார ரயிலில் போகும் வசதி சென்னையில் தொடங்கியது. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மட்டும்தான். இரும்புலியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையான நிலைமையாக இருந்தது. அந்த ஊருக்கென்று தனி ரயில் நிலையம் கிடையாது. வடக்கே போனால் தாம்பரம், தெற்கே போனால் பெருங்களத்தூர். தாம்பரம் போய் ஏறுகிறவருக்குப் புது வசதி இருந்தது, பெருங்களத்தூரில் ஏறுகிறவர் வழக்கம்போல் கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பயணியாகப் பார்த்தால் எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனால் பெரிய எபிக்கைச் சின்னச் சின்ன வேலைகளாக வெட்டுவதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் மெப்ஸிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் நின்று ரசிக்க வேண்டிய வெட்டு, அவர்களில் பலர் தினமும் கடந்துபோகும் அந்தத் தாம்பரத்தில்தான் விழுந்தது.

வேலையின் முழு அளவை நினைத்துப் பாருங்கள். நாடு முழுக்க முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுவர வேண்டும். ஆயிரக்கணக்கான நிலையங்கள், தூரத்துக்கேற்ற கட்டணம், சலுகைகள், சீசன், பிளாட்பாரம் டிக்கெட், பணம் செலுத்தும் வழிகள், பரிசோதகரின் சரிபார்ப்பு, ஏமாற்றுத் தடுப்பு, ரத்து, பணம் திரும்பக் கொடுத்தல் என்று அது நீள்கிறது. செயலியை உருவாக்கியது ரயில்வேயின் சொந்தக் கணினி அமைப்பான கிரிஸ். 2014 டிசம்பரில் மும்பையில் வந்த முதல் வடிவத்தில் பணத்தைப் போனில் கட்டலாம், ஆனால் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் டிக்கெட்டை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். பாதிக் கிணறு என்று சிலர் சிரித்திருக்கலாம். அந்த வெட்டு பரிசோதகரின் வேலையைத் தொடவே இல்லை என்பதை அவர்கள் பார்க்கவில்லை. பயணியின் கையில் அதே காகிதம், பரிசோதகர் பார்ப்பதும் அதே காகிதம். புதிதாக வந்தது பணம் கட்டும் முறை மட்டும்தான், அதுவும் முனையிலிருந்து முனைவரை வேலை செய்தது. நான்கு மாதம் கழித்துச் சென்னையில் காகிதத்தை எடுத்தார்கள். அதற்கு ஈடாக இடத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். மும்பையில் பயணத்தின் ஒரு படியைப் பழையபடியே விட்டார்கள், சென்னையில் நிலையங்களை விட்டார்கள். ஒரே எபிக்கை இரண்டு வெவ்வேறு திசைகளில் வெட்டியிருக்கிறார்கள், இரண்டு முறையும் கையில் கிடைத்த துண்டில் ஒரு மனிதர் ரயிலேறிப் போக முடிந்தது.

நல்ல வெட்டை எடுத்த துண்டைக்கொண்டு மதிப்பிடுவதைவிட, விட்டதைக்கொண்டு மதிப்பிடுவதே சரி என்பது என் கட்சி. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்று ஒரு விதி வைத்தார்கள். அந்த ஒற்றை வரி, பணம் திரும்பக் கொடுப்பது, அதன் கணக்கு, பயணம் முடித்துவிட்டு ரத்து செய்யும் மோசடி என ஒரு பெரிய கிளையையே முதல் துண்டிலிருந்து நீக்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து ரூபாய் டிக்கெட்டில் ரத்து வசதி இல்லாததற்கு யாரும் போராட மாட்டார்கள். செயலியின் பணப்பையான ஆர்-வாலட்டில் பணம் போடுவதற்கு நிலையக் கவுண்டரையும் ஒரு வழியாக வைத்தார்கள். இதைப் பின்னடைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வங்கி அட்டையோ நெட் பேங்கிங்கோ இல்லாத பயணியையும் அது உள்ளே கொண்டுவருகிறது, வங்கி இணைப்பு ஒருநாள் படுத்துவிட்டாலும் டிக்கெட் ஓடுகிறது. ஐபோனுக்கான செயலி பின்னால்தான் வந்தது. கழித்த இடங்களில் ஒரு வசதியையோ, கருவியையோ முழுசாகக் கழித்திருக்கிறார்கள். எதையும் அரைகுறையாகச் செய்துவைக்கவில்லை.

மாதக்கணக்கில் போகும் துண்டில் தெரிகிற இதே கைவண்ணம், மூன்று நாளில் முடியும் வேலையிலும் தெரிய வேண்டும். எழும்பூர்–தாம்பரம் துண்டை ஒரு குழு கையில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரிஸ் உள்ளே எப்படிப் பிரித்தது என்று சொல்ல வரவில்லை, பிரிக்கிற முறையைக் காட்டவே இது. முதல் வேலையாக நான் வைப்பது இது: தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு, ஒரு பெரியவருக்கு, ஒருவழி டிக்கெட். நிலையப் பட்டியல் வேண்டாம், திரையில் ஒரே பொத்தான். கட்டணம் நிரலிலேயே எழுதப்பட்ட ஒரு எண். பணம், சோதனைக் கணக்கில் முன்பே போட்டுவைத்த தொகை. பொத்தானை அழுத்தினால் சர்வரில் தொகை குறைந்து, ஒரு டிக்கெட் எண் பதிவாகி, திரையில் அந்த எண்ணும் நேரமும் தெரிய வேண்டும். இரண்டு பேர் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். இரண்டாவது வேலை, கணக்கில் பணம் போதாதபோது என்ன காட்டுவது. மூன்றாவது, நடுவில் நெட் அறுந்தால் பணம் போய் டிக்கெட் வராமல் நிற்காதபடி பார்த்துக்கொள்வது. நான்காவதில்தான் மற்ற நிலையங்களும் கட்டண அட்டவணையும் வருகின்றன. பார்வைக்கு முதலில் வரவேண்டியதுபோல் தோன்றும் அட்டவணையை நான்காவதாகத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. அதில் தெரியாதது எதுவும் இல்லை. பணமும் டிக்கெட்டும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கும் நொடியில்தான் ஆபத்து இருக்கிறது, அதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இதையே பல அலுவலகங்களில் எப்படி வெட்டுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். டேட்டாபேஸ் அமைப்பது ஒரு வேலை, சர்வர் நிரல் ஒரு வேலை, திரைகள் ஒரு வேலை, பணப் பகுதி ஒரு வேலை, கடைசியில் எல்லாவற்றையும் இணைப்பது ஒரு வேலை. ஒவ்வொன்றும் மூன்று நாளுக்குள் அடங்கும், பலகையில் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் நான்கு வேலை முடிந்தும் தாம்பரத்தில் ஒருவர்கூட ரயிலேற முடியாது. தப்பான வெட்டைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. டெமோ நாளில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது, தினமும் நின்றுகொண்டு பேசும் கூட்டத்தில் எல்லாரும் ‘என் பக்கம் முடிஞ்சுது, இன்டகிரேஷன் மட்டும்தான் பாக்கி’ என்பார்கள். அந்தப் பாக்கிக்குள்தான் எபிக்கின் உண்மையான கடினம் உட்கார்ந்திருக்கும். அலிஸ்டர் கோபர்ன் உருவாக்கிய ‘யானை கார்பாச்சியோ’ என்ற பயிற்சி இதைத்தான் கைப்பழக்கமாக்கப் பார்க்கிறது. விலை, எண்ணிக்கை, மாநில வரி, தள்ளுபடி போட்டுத் தொகை சொல்லும் ஒரு சின்ன நிரல். அதைப் பல மெல்லிய துண்டுகளாக்க வேண்டும், ஒவ்வொரு துண்டும் பயனருக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். திரையை மட்டும் வரைந்துவிட்டு அதைத் துண்டு என்று சொல்ல அனுமதி இல்லை.

சில துண்டுகளில் நிரலே இருக்காது. பரிசோதகர் வருவதைப் பார்த்தபிறகு இருக்கையில் உட்கார்ந்தபடியே டிக்கெட் எடுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு கிரிஸ் ஜிபிஎஸ்ஸைக்கொண்டு விடை தேடியது. நிலையத்துக்குள்ளும் ரயிலுக்குள்ளும் டிக்கெட் எடுக்க முடியாது, வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தாம்பரத்தின் மேற்கு வாசலில் இது சிக்கலாகும். ஜிஎஸ்டி சாலை நிலையத்தை ஒட்டியே போகிறது, போன் காட்டும் இடம் சில பத்து மீட்டர் நகர்ந்தாலே சாலையில் நிற்பவர் பிளாட்பாரத்தில் இருப்பதாகிவிடும். இதை ‘எல்லை வகுத்தல்’ என்று ஐந்து நாள் வேலையாகப் பலகையில் போடுவது தவறு. முதலில் இரண்டு நாள் கெடு வைத்த ஆய்வு வேலை வேண்டும். நான்கைந்து மலிவான போன்களோடு சாலை, படிக்கட்டு, பிளாட்பாரம் மூன்றிலும் நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். இந்த வேலை தருவது ஓர் எண்ணும் ஒரு முடிவும் மட்டுமே. அதன் பிறகுதான் எல்லைக்கான நிரலை எத்தனை துண்டாக்கலாம் என்று பேச முடியும். பிற்பாடு நிலையத்தில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டைப் படித்து உள்ளேயே டிக்கெட் எடுக்கும் வழி வந்தது. 2024-இல் இவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வெளி எல்லையையும் எடுத்துவிட்டார்கள். ஜிபிஎஸ்ஸை நம்பிப் போட்ட விதி முதல் துண்டிலேயே இறுதி வடிவம் பெற்றிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு கனமானது. நிரலில் எழுதிய கட்டணத்தை நான்காவது வேலையில் தூக்கித்தானே எறியப்போகிறோம், ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது வீண் இல்லையா? வீண்தான். ஒரு வரி வீண். அந்த ஒரு வரியின் விலையில், பணமும் டிக்கெட்டும் பிரியும் இடம் எங்கே என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. கணக்கு எப்போது தலைகீழாகும் என்றால், எறியப்போவது அடித்தளமாக இருக்கும்போது. டிக்கெட் எண்ணை எப்படி அமைப்பது என்பதை ‘இப்போதைக்கு’ என்று தற்காலிகமாக வைத்தால், அது ஆயிரக்கணக்கான போன்களில் போய் உட்கார்ந்த பின் மாற்றுவது பெரும்பாடு. எனவே முதல் துண்டில் எதைப் போலியாக வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையில் கடினமான பாகம். அதற்குச் சூத்திரம் இல்லை, மாற்றும் செலவை ஒவ்வொன்றாக விசாரிக்கத்தான் வேண்டும்.

சில வேலைகளை வெட்டவே முடியாது என்பது இன்னொரு மறுப்பு. பெரும்பாலும் அதற்கு உதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவதைச் சொல்வார்கள். ஆனால் அதற்கும் தேர்ந்த கைகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. கட்டணம் ஒரே பத்தியில் இருக்கிறது, அதை அடிப்படைக் கட்டணம், சலுகை என்று இரண்டாக்க வேண்டும் என்போம். முதல் வேலையில் புதுப் பத்திகளைச் சேர்ப்பதோடு நிறுத்தலாம், யாரும் அவற்றைப் படிக்க மாட்டார்கள். அடுத்ததில் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதத் தொடங்கலாம். பிறகு பழைய பதிவுகளைப் பகுதி பகுதியாக நிரப்பலாம். பிறகு படிப்பதைப் புதுப் பத்திகளுக்கு மாற்றி, சில நாள் பொறுத்து, பழையதை நீக்கலாம். ஐந்து வேலை, ஒவ்வொன்றும் ஓரிரு நாள், கடைசி வேலைக்கு முன் எந்த இடத்தில் நின்றாலும் டிக்கெட் விற்பனை நிற்காது, பின்வாங்கவும் முடியும். பயணிக்கு எதுவும் புதிதாகத் தெரியாத துண்டுகள் இவை, இருந்தாலும் நல்ல வெட்டுதான். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றும் வீரத்தைவிட இது எனக்கு அழகாகத் தெரிகிறது.

மெல்லியதாக வெட்டுவதற்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. அரை நாள் வேலையைத் திறந்து, பெயரிட்டு, மதிப்பிட்டு, ரிவ்யூவுக்கு ஆள் தேடி, மூடுவதற்கு அரை நாள் ஆகுமென்றால் அந்த வெட்டு எதற்கு? ஒரு துண்டைத் தனியாகச் சோதிக்க முடியவில்லை, அடுத்த துண்டு வந்தால்தான் சோதிக்கலாம் என்றால் இரண்டும் ஒரே வேலை, சேர்த்துவிடுங்கள். மேலாளர்கள் மூடிய டிக்கெட்டுகளை எண்ணத் தொடங்கும் இடங்களில் இந்த நோய் வேகமாகப் பரவும். இரண்டு மூன்று நாள் என்ற அளவுக்கு என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். தாமதம் எப்போது வெளியே தெரிகிறது என்பதில்தான் அதன் மதிப்பு. இரண்டு நாள் வேலை நான்காம் நாளும் திறந்திருந்தால் எல்லார் கண்ணிலும் படும். மூன்று வார வேலை சறுக்குவது மூன்றாம் வாரத்தில்தான் தெரியும், அதுவரை தினமும் ‘போய்க்கிட்டிருக்கு’ என்ற பதிலே வரும்.

அடுத்த பிளானிங் கூட்டத்தில் உங்கள் பலகையில் ஐந்து நாளைத் தாண்டும் முதல் வேலையை எடுங்கள். அதை எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்று யோசிக்கும் முன், அதில் ஒரே ஒரு பயணியை ஒரே ஒரு நிலையத்திலிருந்து அனுப்புவது என்றால் எதையெல்லாம் விடலாம் என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலை வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பெருங்களத்தூர்க்காரர் கோபிப்பார், அவருக்கு எப்போது என்று அன்றே ஒரு தேதி சொல்லிவிடுங்கள்.