நான்கு அறுவடையும் ஊரின் சராசரியும்

வேளாங்கண்ணிக்கு மேற்கே விரியும் வயல்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இங்கே வந்து சேர்வது கடைசியில்தான்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே இருந்து வடியும் வெள்ளம் தேங்கி நிற்பதும் இங்கேதான். ஒரே ஊரில் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலுக்கும், உப்பு ஏறிய மண்ணில் கடல் பக்கம் கிடக்கும் வயலுக்கும் மகசூல் ஒன்றாக இருக்காது. இப்படிப்பட்ட ஊரில் சம்பா எவ்வளவு விளைந்தது என்று அரசு முடிவுசெய்யும் முறை பயிர் அறுவடைப் பரிசோதனை. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் போதும். அந்த நான்கின் சராசரிதான் ஊர் முழுவதற்கும் இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது.

பரிசோதனை நடக்கும் விதம் கறாரானது, அந்தக் கறார் நல்லதும்கூட. சர்வே எண்ணைக் குலுக்கல் எண் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இவ்வளவு தூரம், அகலவாக்கில் இவ்வளவு தூரம் என்று அதே பட்டியல் சொல்லும் இடத்தில் முளை அடிக்கிறார்கள். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, மூலைவிட்டம் 7.07 மீட்டர் வருகிறதா என்று சரிபார்க்கிறார்கள். வந்தால்தான் அது சதுரம். அதற்குள் நிற்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். இருபத்தைந்து சதுர மீட்டர் என்பது டெல்டாக் கணக்கில் இரண்டு குழிக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஏக்கரில் இப்படி ஏறத்தாழ 162 சதுரங்கள் அடங்கும்.

விளக்கத்துக்காக ஓர் ஊரின் நான்கு எடைகளை நானே வைத்துக்கொள்கிறேன்: 14, 11, 13, 6 கிலோ. அறுபது கிலோ மூட்டையில் சொன்னால் ஏக்கருக்கு முறையே 38, 30, 35, 16 மூட்டை. சராசரி 11 கிலோ. ஒவ்வொரு சதுரமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் எச்சம்: 3, 0, 2, கழித்தல் 5. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 38. அதை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.56 கிலோ. இதுவே எச்சத் திட்டப்பிழை. புள்ளியியல் மாணவர்கள் பயன்படுத்தும் ஆர் மென்பொருளில் இரண்டு வரி போதும்:

```
y <- c(14, 11, 13, 6)
summary(lm(y ~ 1))
```

கடைசியில் திரையில் வருவது: `Residual standard error: 3.559 on 3 degrees of freedom`. பெரும்பாலோர் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வரியின் பின்பாதிக்குத்தான் என் கட்டுரையில் இடம் அதிகம்.

அறுத்த சதுரம் நான்கு. ஆனால் வகுப்பது மூன்றால். சராசரியை இந்த நான்கிலிருந்தே எடுத்துவிட்டோம். அதனால் எச்சங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். 3, 0, 2 என்று மூன்றைச் சொல்லிவிட்டால் நான்காவது கழித்தல் 5 என்பது தானாக விழுந்துவிடும். சுதந்திரமாகச் செய்தி சொல்வன மூன்றே. அதனால்தான் கட்டின்மைக் கூறு மூன்று.

இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிடக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 6 கிலோ விளைந்த சதுரத்தை அறுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றின் சராசரி 12.67. அதை வைத்து இந்த வயலைக் கணித்திருந்தால் 6.67 கிலோ தவறியிருப்போம். ஆனால் நம் எச்சம் காட்டுவது 5 மட்டுமே. அந்த வயலும் சராசரிக்குள் இருந்ததால், சராசரியைத் தன் பக்கம் இழுத்துத் தன் விலகலைக் குறைத்துக் காட்டிவிட்டது. 14 கிலோ சதுரத்தை விட்டுப் பார்த்தாலும் இதே கதை: எச்சம் 3, உண்மையில் தவறியிருக்கக்கூடியது 4. ஒவ்வோர் எச்சமும் முக்கால் பங்காகச் சுருங்கியிருக்கிறது. நான்கால் வகுத்தால் கிடைக்கும் 3.08 கிலோ இந்தச் சுருக்கத்தை மறைக்கும்; மூன்றால் வகுப்பது அதை ஈடுகட்டும். இந்த அளவையில் நான் மிகவும் மதிக்கும் குணம் இதுதான். தான் பார்த்த தரவைக் கொண்டே தன்னை மெச்சிக்கொள்ளும் வழியை அது அடைக்கிறது. விடை கிலோவிலேயே வருவது இன்னொரு நல்ல குணம். விவசாயி கேட்டால் ஏக்கருக்கு ஒன்பதரை மூட்டை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எதை ஒன்பதரை மூட்டை என்று சொல்கிறோம்? வழக்கமாக ஒரு கணிப்பு தவறும் தூரம் என்று இதை விளக்குவார்கள். பக்கத்து வயலுக்கு 11 கிலோ என்று கணித்தால் 3.56 அங்கே இங்கே தவறும், 68.3 விழுக்காடு தடவை அதற்குள் அடங்கும் என்று. கட்டின்மைக் கூறு நூறு இருந்தால் இது ஏறக்குறைய சரி. மூன்று மட்டும் இருக்கும்போது சரியில்லை. ஒன்று, 11 என்பதே உறுதியில்லாத சராசரி. அதன் தடுமாற்றத்தையும் சேர்த்தால் 3.56 என்பது 3.98 ஆகும். இரண்டு, 3.56 என்பதும் நான்கே வயல்களிலிருந்து எடுத்த எண். அதுவே தவறாக இருக்கலாம். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலைபார்த்த காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரை சிறு மாதிரியின் இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். அவர் வழியில் வந்த டி பரவலைக் கொண்டு பார்த்தால், அதே 68.3 விழுக்காடு தடவை அடங்க வேண்டிய எல்லை 4.8 கிலோ. ஏக்கருக்கு 13 மூட்டை. ஒன்பதரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் உள்ள அந்த மூன்றரை மூட்டைதான் கட்டின்மைக் கூறு குறைந்ததற்கு நாம் கொடுக்கும் விலை.

எச்சத் திட்டப்பிழை எவ்வளவு ஆட்டம் காணும் என்பதையும் கணக்கிட முடியும். நான்கு சதுரத்தில் 3.56 வந்தால், ஊரின் உண்மையான ஏற்றத்தாழ்வு 2 கிலோவாகவும் இருக்கலாம், 13 கிலோவாகவும் இருக்கலாம்; 95 விழுக்காட்டு எல்லை அவ்வளவு அகலம். இதே 3.56 ஐம்பது சதுரத்திலிருந்து வந்திருந்தால் அந்த எல்லை 3-க்கும் 4.4-க்கும் இடையில் அடங்கிவிடும். ஒரே எண், இரண்டு இடத்தில் இரண்டு பொருள்.

இப்போது இழப்பீட்டுக்கு வருவோம். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை, நிர்ணயித்த ஈட்டு விழுக்காட்டால் பெருக்கி உத்தரவாத மகசூலை எடுக்கிறார்கள். நம் ஊரில் அது சதுரத்துக்கு 12 கிலோ என்று கொள்வோம். இந்த ஆண்டுச் சராசரி 11. குறைவு 1 கிலோ, பன்னிரண்டில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகையில் எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாக எல்லோருக்கும் கிடைக்கும். 38 மூட்டை கண்டவருக்கும் அதுதான், 16 மூட்டை கண்டவருக்கும் அதுதான். அந்த ஒரு கிலோக் குறைவு உண்மையிலேயே குறைவா என்பது அடுத்த கேள்வி. நான்கு சதுரச் சராசரியின் திட்டப்பிழை 3.56-இல் பாதி, அதாவது 1.78 கிலோ. குறைவைவிடத் தடுமாற்றம் பெரிது. முளை வேறு நான்கு வயலில் விழுந்திருந்தால் சராசரி 12-ஐத் தாண்டி, ஊருக்கே ஒன்றும் இல்லை என்று ஆகியிருக்கலாம். அல்லது 9-க்கு இறங்கி நாலில் ஒரு பங்கு கிடைத்திருக்கலாம். திட்டத்தின் சூத்திரத்தில் சராசரிக்கு மட்டும்தான் இடம். இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

குறை சூத்திரத்தில் மட்டும் இல்லை, அளவையிலும் உண்டு. எச்சங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எச்சத் திட்டப்பிழை நம்புகிறது. கடைமடையில் ஒரே வடிகால் அடைத்துக்கொண்டால் அதை ஒட்டிய வயல்கள் எல்லாம் சேர்ந்தே மூழ்கும். நான்கு முளையும் அந்த ஒரே பக்கத்தில் விழுந்தால் எடைகள் ஒன்றுபோல வரும், பிழை சிறிதாகத் தெரியும், காகிதத்தில் கட்டின்மைக் கூறு மூன்று என்றே இருக்கும். உள்ளபடி கிடைத்த செய்தி ஒரு வயலுக்கு உரியதே. மூழ்கிய வயலில் இறங்க மனமில்லாமல் முளையை மேட்டுக்கு நகர்த்தினாலும் இதே விளைவு. கடைமடை ஊரில் விலகல் மிகவும் சிறிதாக வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாச் சதுரத்திலும் ஒரே திசையில் நேரும் தவறு அளவையின் கண்ணில் படவே படாது. 1940-களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்கத்தில் மிகச் சிறிய துண்டுகளை அறுத்து மதிப்பிட்டார். சிறு துண்டுகளில் ஓரத்துச் செடிகள் உள்ளே சேர்ந்து மகசூலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று மற்றொரு புள்ளியியலாளரான சுகாத்மே வாதிட்டார். துண்டு சிறிதாகச் சிறிதாக ஓரத்தின் பங்கு கூடும். இப்படி ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கிலோ மிகுந்தால் சராசரி 12 ஆகும். எச்சங்களோ அதே 3, 0, 2, கழித்தல் 5. திட்டப்பிழை அசையாது.

விலகலுக்குக் காரணம் தெரிந்தால் அதைக் கணிப்பில் சேர்க்கலாம். 14-ம் 13-ம் வாய்க்கால் தலைப்பு வயல்கள், 11-ம் 6-ம் வால்பகுதி என்று பிரித்தால் சராசரிகள் 13.5, 8.5. எச்சங்களின் வர்க்கக் கூட்டல் 38-லிருந்து 13-ஆகக் குறைகிறது. இரண்டு சராசரி எடுத்துவிட்டதால் கட்டின்மைக் கூறு இரண்டு; திட்டப்பிழை 2.55. ஒரு கூறைச் செலவழித்தாலும் லாபம்தான். ஆனாலும் தலைப்பில் விலகல் அரைக் கிலோ, வாலில் இரண்டரை. 2.55 என்ற ஒற்றை எண் வாலில் இருப்பவருக்கு நியாயமாக இருக்கலாம், தலைப்பில் இருப்பவருக்கு இல்லை. இதோடு நிறுத்தாமல் உப்புத்தன்மை, நடவுத் தேதி என்று இன்னும் இரண்டைச் சேர்த்தால் நான்கு எடைக்கும் கணிப்பு அச்சாகப் பொருந்திவிடும். எச்சம் எல்லாம் பூஜ்யம். அப்போது ஆர் காட்டும் வாசகம்: `ALL 4 residuals are 0: no residual degrees of freedom!` பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாததால் திட்டப்பிழைக்கு விடையே இல்லை. கணிப்பு சரியா தவறா என்று சொல்ல ஒரு சாட்சியும் மிச்சமில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெந்த அளவையும் சொல்வதில்லை.

2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல்லுக்குச் செயற்கைக்கோள் வழி மகசூல் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தர வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்த மாதிரிகளில் பசுமைக் குறியீடு, மழை, வெப்பம், மண் ஈரம் என்று மாறிகள் பல. அவற்றைப் பழக்குவதற்குக் கிடைப்பதோ இதே அறுவடைச் சதுரங்கள். பழக்கிய சதுரங்களில் எச்சம் எவ்வளவு என்று மட்டும் அறிக்கை சொன்னால் அது போதாது. எத்தனை கூறுகள் மாதிரிக்குள் செலவாயின, எத்தனை மிச்சம் என்பதும் அருகில் இருக்க வேண்டும். ஓர் ஊரின் நான்கு சதுரங்களையும் பழக்கத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டு, அந்த ஊரை மாதிரி கணித்தபோது எத்தனை கிலோ தவறியது, அதிலும் வால்பகுதி வயல்களில் எத்தனை தவறியது என்று தனியாகக் கேட்க வேண்டும்.