ஆறு பருவங்களுக்கு ஆறு வரி

பெரும்பொழுதுகள் ஆறு என்பது பள்ளியில் படித்த எல்லாருக்கும் நினைவிருக்கும். பெயர்களையும் திக்கித் திணறியாவது சொல்லிவிடுவார்கள். எந்தப் பருவத்துக்கு எந்த இரண்டு மாதங்கள் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. பாடநூல் இதை ஒரு கட்டமாகப் போட்டுத் தருகிறது. தேர்வு வரை மனத்தில் நிற்கும் கட்டம் அடுத்த ஆண்டு கலைந்துவிடும். செய்யுளாக இருந்தால் அப்படிக் கலையாது. அந்தச் செய்யுள் எப்படி அமைய வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் மூலங்களைப் பார்த்துவிடலாம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் பருவங்களை வரிசைப்பட்டியலாகத் தரவில்லை. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிர் என்று திணைகளைச் சொல்லும் நூற்பாக்களில் அவை ஆங்காங்கே வருகின்றன. மாதப் பெயர்கள் அங்கே இல்லை. மாதங்களைப் பொருத்தி, ஆவணியும் புரட்டாசியும் கார் என்பதில் தொடங்கி ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பதில் முடித்தவர்கள் உரையாசிரியர்கள். உரை உரைநடை. படித்துப் புரிந்துகொள்ளலாமே தவிர, வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைச் செய்தவை நிகண்டுகள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் அமைந்ததால்தான் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தலைகீழாகச் சொன்னார்கள். பஞ்சாங்கம் இன்னொரு வழி. அதில் இதே ஆறும் வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம் என்ற பெயர்களில், சித்திரையில் தொடங்கி இரண்டிரண்டு மாதங்களாக வரும். மாதக் கணக்கு ஒன்றேதான். தொடங்கும் இடம் மட்டும் வேறு.

மனப்பாடம் செய்யப் போகிறவருக்கு இந்தப் பெயர்களே பாதி வேலையை முடித்துக் கொடுக்கின்றன. முன்பனிக்கு அடுத்தது பின்பனி என்றும் இளவேனிலுக்கு அடுத்தது முதுவேனில் என்றும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறில் நான்கு பெயர்கள் தம் வரிசையைத் தாமே சொல்லிவிடுகின்றன. மிச்சம் இருப்பவை காரும் கூதிரும். பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைச் சுற்றியே நடப்பதற்குக் காரணமும் அதுதான். பாடநூல்கள் கூதிரைக் ‘குளிர்காலம்’ என்று எழுதத் தொடங்கிய பிறகு குழப்பம் கூடியிருக்கிறது. குளிர் என்றவுடன் பிள்ளைகளுக்கு மார்கழிதான் நினைவுக்கு வரும். ஆனால் மார்கழி முன்பனியைச் சேர்ந்தது. அதனால் செய்யுளில் ‘கூதிர்’ என்ற பழைய சொல்லையே வைத்துக்கொள்வது நல்லது.

மாதப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மோனை தானாகவே வந்து விழுகிறது. ஆவணிக்கு ஐப்பசி மோனை, மார்கழிக்கு மாசி மோனை. முன்பனியும் பின்பனியும், இளவேனிலும் முதுவேனிலும் அடி முடிவில் இயைபாக நின்றுவிடும். நாம் இட்டு நிரப்ப வேண்டியது மிகக் குறைவு. நான் கட்டியது இது:

ஆவணி புரட்டாசி காராகும்,
ஐப்பசி கார்த்திகை கூதிராகும்;
மார்கழி தையும் முன்பனியாம்,
மாசி பங்குனி பின்பனியாம்;
சித்திரை வைகாசி இளவேனில்,
ஆனி ஆடி முதுவேனில்.

அடிக்கு மூன்று சீர். ‘ஆகும்’, ‘ஆம்’, ‘தையும்’ என்பதில் உள்ள ‘உம்’ தவிர வேறு அசைச்சொல் கிடையாது. மனப்பாடப் பாட்டில் அலங்காரத்துக்காக ஒரு சொல் வந்து உட்கார்ந்தால், பின்னாளில் அந்தச் சொல் நினைவில் நின்று மாதம் நழுவிப்போகும். கைதட்டிச் சொல்லிப் பார்த்தால், இரண்டிரண்டு அடிகளாகப் பிரிந்து மூன்று கண்ணிகளாக நிற்பது தெரியும். கடைசி அடிக்கு மேலடியோடு மோனை இல்லை. ஆனால் ஆனியும் ஆடியும் தமக்குள்ளேயே மோனை கொண்டிருப்பதால் காதுக்குக் குறை தெரியாது.

ஆண்டு சித்திரையில் பிறக்கும்போது பாட்டு மட்டும் ஏன் ஆவணியில் பிறக்கிறது என்று கேட்கலாம். நச்சினார்க்கினியர் ஒரு காரணம் சொல்கிறார். ஞாயிற்றுக்கு உரிய வீடான சிம்ம ராசியில் தொடங்கி, திங்களுக்கு உரிய கடகத்தில் முடிவது ஓர் ஆண்டு என்பது அவர் கணக்கு. சிம்மம் என்றால் ஆவணி, கடகம் என்றால் ஆடி. எனக்கு இதைவிட வலுவாகப் படும் காரணம் ஒன்று உண்டு. அது திணைகளைப் பற்றியது.

மேலே உள்ள ஆறு அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் அடி, கார், முல்லைக்கு உரியது. அடுத்த இரண்டு அடிகள், கூதிரும் முன்பனியும், குறிஞ்சிக்கு உரியவை. கடைசி மூன்று அடிகளான பின்பனி, இளவேனில், முதுவேனில் பாலைக்கு உரியவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிப்போய் ஆறோடு முடிகிறது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பருவமும் உண்டு என்பதால் அவற்றுக்குத் தனியாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம். இதே பாட்டைச் சித்திரையில் தொடங்கினால் பாலையின் இரண்டு பருவங்கள் தலைப்பிலும், மூன்றாவது கடைசியிலும் போய் விழுந்து இந்த ஒழுங்கு உடைந்துவிடும். ஆவணியில் தொடங்கும்போது மாதம், பருவம், திணை மூன்றும் ஒரே மூச்சில் கிடைக்கின்றன. வகுப்பில் சொல்லித்தருகிறவர் முதல் அடிக்கு ஒரு விரல், அடுத்ததற்கு இரண்டு விரல், பிறகு மூன்று விரல் காட்டினாலே போதும்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்கும் இடம் கார்த்திகை. பெயரின் தொடக்கத்திலேயே ‘கார்’ இருக்கிறது. அந்த மாதத்தில் மழையும் கொட்டுகிறது. ஆகவே கார்த்திகை கார்காலம் என்று எழுதிவிடுகிறார்கள். ஐப்பசியும் அடைமழையும் சேர்ந்தே பேசப்படுவதால் ஐப்பசியையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் வாழும் நமக்கு இது இயல்பான தவறுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் அந்த மழை, பழைய கணக்கில் பெரும்பாலும் கூதிருக்குள் வருகிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பருவம் அதுதான்: விடாத மழை, வாடைக்காற்று, விறைத்துப்போன இடையர்கள். தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிப்போன முல்லைத் திணையின் கார் வேறு. அது முல்லை பூக்கும் முதல் மழையின் பருவம்.

இரண்டாவது சறுக்கல் வெயிலில். ‘முது’ என்றால் முற்றியது, ஆகவே உச்ச வெயில் முதுவேனிலில் என்று நினைப்பது வழக்கம். ஆனால் அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில் சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவில் முடிகிறது. அதாவது முழுக்க இளவேனிலுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த இரண்டு பிழைகளையும் தடுக்க, ஆறடிக்குக் கீழே ஒரு கண்ணியைச் சேர்த்துக்கொள்ளலாம்:

கார்த்திகை மாதம் காரல்ல,
கத்திரி வெயில் முதுவேனிலல்ல.

கையில் ஆங்கிலத் தேதி மட்டும் இருக்கும்போது பாட்டை எப்படிப் பயன்படுத்துவது? தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் 13-க்கும் 18-க்கும் இடையில் பிறக்கிறது. பருவம் மாறுவது இரட்டைப்படை மாதங்களின் நடுவில் மட்டும்: பிப்ரவரியில் பின்பனி, ஏப்ரலில் இளவேனில், ஜூனில் முதுவேனில், ஆகஸ்டில் கார், அக்டோபரில் கூதிர், டிசம்பரில் முன்பனி. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பர் 1, 2015-ஐ எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நடு இன்னும் வரவில்லை, எனவே கார்த்திகை, பாட்டின் இரண்டாம் அடி, கூதிர். பொங்கல் தை முதல் நாள், மூன்றாம் அடி, முன்பனியின் சரிபாதி.

ஆடிப்பெருக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆடி 18, அதாவது ஆகஸ்டு மூன்றாம் தேதியை ஒட்டிய நாள். காவிரி கரை புரள்கிறது, எனவே கார் என்று சொல்லத் தோன்றும். பாட்டின்படி அது ஆறாம் அடி, முதுவேனில். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ அன்று வானம் வெளுத்தே இருக்கலாம். பெருகுகிற தண்ணீர் குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழையின் நீர். ஆற்றைப் பார்த்துப் பருவம் சொன்னால் தவறிவிடும். பெருக்கு எங்கோ பெய்த மழையைக் காட்டுகிறது, பருவம் நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பற்றியது.

பாட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. நம் மாதங்கள் ஞாயிறு எந்த ராசியில் இருக்கிறது என்பதைக் கொண்டு, விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. வெயிலும் மழையுமோ சம இரவு நாளைச் சார்ந்து வருகின்றன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்த இரண்டு கணக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிப்போகின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரைப் பிறப்பும் மார்ச் மாதச் சம இரவு நாளும் ஒன்றாக வந்தன. இன்று சித்திரை ஏப்ரல் 14-ல் பிறக்கிறது. இடைவெளி 24 நாள். அந்த நாளில் வேனில் இரண்டும் இன்றைய மார்ச் 21 தொடங்கி ஜூலை 22 வரையிலான வெயிலுக்கும், கார் அதற்கு அடுத்த இரண்டு மாதங்களுக்கும் பொருந்தியிருக்கும். மே கடைசி வெயிலை முதுவேனில் என்று அழைத்தது அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும். இன்றைய கத்திரி வெயில் இளவேனிலுக்குள் மாட்டிக்கொண்டதில் இந்த நகர்வுக்கும் பங்கு உண்டு.

அதற்காக மாதங்களை 24 நாள் பின்னுக்குத் தள்ளிப் பாட்டைத் திருத்த வேண்டியதில்லை. உரைகளும் நிகண்டுகளும் பாடநூல்களும் இந்த மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. சங்கப் பாடலுக்குத் திணை, பருவம் சொல்லும்போது அதுவே அளவுகோல். சங்கப் புலவர்களே பருவத்தை நாள்காட்டியை வைத்துப் பார்க்கவில்லை. குறுந்தொகை 66-ஆம் பாடலில் கொன்றை பூத்துவிட்டது. தலைவன் வரவேண்டிய கார் வந்துவிட்டதே என்று தலைவி கலங்குகிறாள். அது காலம் தப்பிப் பெய்த மழை, கொன்றைதான் அதை நம்பி ஏமாந்து பூத்தது என்று தோழி தேற்றுகிறாள். மழையும் பூவும் பருவத்தைத் தவறாகச் சொல்லக்கூடும் என்று அந்தத் தோழிக்குத் தெரிந்திருக்கிறது.