சூர்தாசரின் கண்கள்: ஆவணம் என்ன சொல்கிறது?

சூர்தாசர் பிறவிக் குருடர் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். வட இந்தியாவில் கண் தெரியாத எவரையும் மரியாதையாக ‘சூர்தாஸ்’ என்று கூப்பிடுகிற அளவுக்கு அந்தச் செய்தி ஊறிப்போய்விட்டது. 16ஆம் நூற்றாண்டில் பிரஜ் மொழியில் கண்ணனைப் பாடிய இசைப்புலவர் அவர். அவருடைய பதங்கள் இராகத்தோடு பாடப்படுபவை. ஆனால் அவருக்குக் கண் தெரியாது என்பதை யார், எப்போது எழுதிவைத்தார்கள் என்று தேடிப் போனால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

காலத்தால் முந்தியவற்றைப் பார்ப்போம். அவருடைய பாடல்களைக் கொண்ட மிகப் பழைய கையெழுத்துப்படி 1582இல் ராஜஸ்தானத்து ஃபத்ஹ்பூரில் எழுதப்பட்டது. சூர் பெயரில் அதில் ஏறத்தாழ 240 பாடல்கள் இருக்கின்றன. ஜான் ஸ்ட்ராட்டன் ஹாலி போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பழைய படிகளைத் துருவிப் பார்த்தார்கள். குருட்டைப் பேசும் இடங்கள் அவற்றில் அரிதாகவே வருகின்றன. பிறந்தது முதலே கண்ணில்லை என்ற தெளிவான வாக்குமூலம் எதுவும் இல்லை. 1590களில் அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரி, அக்பரின் பாடகர் பட்டியலில் ராம்தாஸின் மகன் சூர்தாஸ் என்று ஒருவரைக் குறிக்கிறது. இவர்தான் அவரா என்பதே வழக்கு. எப்படியானாலும் கண் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. நாபாதாஸின் பக்தமாலும் அவருடைய கவித்திறனைப் புகழ்ந்து, தெய்வீகப் பார்வை பெற்றவர் என்கிறதே தவிர, ஊனக்கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

17ஆம் நூற்றாண்டில் வல்லப சம்பிரதாயத்தின் ‘வார்த்தா’ கதைகள் வருகின்றன. அங்கேதான் குருடராகிய சூர்தாசர் அக்பரின் முன் நிற்கிறார். கண்கள் தரிசனத்துக்குத் தவிக்கின்றன என்று அவர் பாட, உமக்குத்தான் கண்ணே இல்லையே, அவை எப்படித் தவிக்கும் என்று அரசர் கேட்கிறார். அதற்கு உரை எழுதிய ஹரிராய் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பார்வை மட்டுமல்ல, கண்ணின் அடையாளமே இல்லை, புருவம் மட்டுந்தான் என்கிறார். பிறவியில் கண்ணில்லாதவனே ‘சூர்’, பின்னர் பார்வை போனவன் ‘அந்தன்’ என்று சொல்லிலும் வேறுபாடு காட்டுகிறார். ஆக, காலம் பிந்தப் பிந்தக் குருடு முழுமையாகிறது. நேரில் கண்ட சாட்சி நேரம் போகப் போக மறப்பான். இங்கே நேர்மாறாக நினைவு கூடிக்கொண்டே போகிறது! பாடல்களும் அப்படித்தான். 240 ஆக இருந்தது பின்னாளில் ஆயிரக்கணக்காகி, ஒன்றேகால் லட்சம் பாடினார் என்ற ஐதீகத்தில் போய் நிற்கிறது. காதலித்த பெண்ணைப் பார்த்த கண்ணைக் குத்திக்கொண்டார் என்றொரு கதையும் உண்டு. அது பில்வமங்களரின் கதை; ஆள் மாறி இவர்மேல் ஏறிவிட்டது.

20ஆம் நூற்றாண்டு ஹிந்தி விமர்சகர்கள் இதை மறுக்கக் கிளம்பினார்கள். சியாம் சுந்தர் தாஸின் வாதம் பிரபலமானது: நிறமும் அழகும் இப்படிப் பாட வேண்டுமென்றால் அவர் ஒருகாலம் பார்த்திருக்கத்தான் வேண்டும். பாலமுனையில் என் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் உடனே தலையாட்டினார்கள். எனக்கோ முடியவில்லை.

ஏனென்றால் நம்முடைய அரபு இலக்கிய வரலாறே இதற்கு மறுப்பு. பஷ்ஷார் இப்னு புர்த், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர், பிறவியிலேயே பார்வையற்றவர். போர்க்களப் புழுதியையும் அதற்குள் மின்னும் வாள்களையும் நட்சத்திரங்கள் உதிரும் இரவுக்கு ஒப்பிட்ட கவிதை அவருடையது. உலகத்தைக் கண்ணால் பார்க்காத மனிதர், பார்ப்பவர்களால் முடியாத உவமையைச் சொல்கிறாரே என்று அல்அஸ்மயீ வியந்த செய்தி பதிவாகியிருக்கிறது. நிறம் பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்பது பாதி உண்மை. சூரியன் சிவப்பு, மேகம் கருப்பு என்பதை மொழி எல்லோருக்கும் தருகிறது. கண்ணன் மழைமேக நிறம், பட்டு மஞ்சள் என்பது பிரஜ் பாட்டு மரபின் பொதுச் சொத்து. கேட்டுப் பழகிய காதுக்கு அது போதும்.

எதிர்முனையில் அபுல் அலா அல்மஅர்ரீயைப் பாருங்கள். நாலு வயதில் பெரியம்மையில் பார்வையை இழந்தவர். அந்த நோய்க்காலத்தில் தனக்குச் சிவப்புச் சாயத் துணி உடுத்தியிருந்ததால், நிறங்களில் சிவப்பு ஒன்றே நினைவிருக்கிறது என்று அவர் சொன்னதாக வருகிறது. வயது, நோய், துணி, மிஞ்சிய ஒரு நிறம்: வாழ்க்கை வரலாற்றுக்கான சான்று இப்படித்தான் இருக்கும். சூர்தாசருக்கு இதில் ஒன்றாவது உண்டா?

பாட்டுக்குள் அவர் தன்னைக் குருடன் என்று சொல்லும் இடங்களை என்ன செய்வது? ஞானப்பாடல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் சூஃபிப் புலவர்களும் தம்மைப் பாவி, குருடன், ஏழை என்றெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். அதை யாரும் வைத்தியச் சான்றிதழாக எடுப்பதில்லை. முதுமையில் சூரின் பார்வை மங்கியிருக்கலாம், முழுதாகவும் போயிருக்கலாம். பிறவியிலேயே இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் பலமில்லை.

விமர்சகர்களின் முடிவோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. அவர்கள் வந்த வழியோடுதான் சண்டை. ஹரிராய்க்கு முந்தியவர்களின் மௌனத்தையும் ஏடுகளின் வயதையும் காட்டியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, பார்வையற்றவனுக்கு இது முடியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பு சூர்தாசரோடு நிற்பதில்லை. விழிப்புலனற்ற ஒரு பிள்ளை நாளை வானவில்லைப் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டு வந்தால், இது யார் எழுதித் தந்தது என்று கேட்கிற ஆசிரியர் அந்த வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்.