திட்ட அறிக்கையில் அறுபது, சந்தையில் இருபத்தைந்து

வெள்ளாடு வளர்க்க நினைப்பவர் கையில் முதலில் வந்து சேர்வது 20 பெட்டை, 1 கிடா என்ற கணக்கு. 2 வருடத்தில் 3 ஈற்று, ஈற்றுக்கு 2 குட்டி, ஆகவே வருடத்துக்கு 60 குட்டி. அதில் 3 குட்டி சாகும் என்று பெருந்தன்மையாகக் கழித்துவிட்டு, மீதி 57 குட்டியை விலையால் பெருக்கினால் எந்த வங்கி மேலாளரும் தலையாட்டுவார். இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. நல்ல ஆடு 8 மாதத்துக்கு ஒருமுறை ஈனும், இரட்டைக்குட்டியும் போடும். ஆனால் 20 ஆடும் ஒன்றாக, விடாமல், இரண்டிரண்டாகப் போடாது. அதைவிடப் பெரிய ஓட்டை, கொட்டிலும் ஈற்றுக் காலமும் குட்டிச் சாவும் விற்பனையும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை.

தென்மாவட்டங்களில் கன்னி ஆட்டை வைத்துத் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கறுப்பு ஆடு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு என்றால் செங்கன்னி. அந்தச் சீமைக்குப் பழகிய இனம், இரட்டைக்குட்டியும் போடக்கூடியது. தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை என்பது என் எண்ணம். போயர் கலப்பு அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் செலவு கொட்டில். இப்போது எல்லோரும் சொல்வது பரண் முறை. தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் இடைவெளி விட்ட தளம், புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். இதன் நன்மை உண்மையானது. ஆடு தன் சாணத்தின் மேல் படுக்காததால் குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் குறையும், மழையில் குளம்பு ஊறி அழுகாது, எரு சுத்தமாகக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மாதம் சேற்றில் நிற்கும் மண்தரைக் கொட்டிலைப் பார்த்தவர் பரணைக் குறை சொல்ல மாட்டார்.

குறை இருப்பது விலையில். பெட்டைக்கு 12 சதுர அடி, வளரும் குட்டிக்கு 5, கிடாவுக்குத் தனியாக 20, ஈனும் ஆட்டுக்கு இரண்டு தடுப்பு என்று போட்டால் சுமார் 450 சதுர அடி வரும். மரச்சட்டமும் பழைய தகரமுமாகச் சதுர அடி 500 ரூபாய்க்கு முடித்தால் 2.25 லட்சம். இரும்புத் தூண், பிளாஸ்டிக் தளம் என்று 1,000 ரூபாய்க்குப் போனால் 4.5 லட்சம். பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு 22,500 ரூபாய். விற்கும் வயதில் ஒரு குட்டி 16 கிலோ, உயிர் எடைக்குக் கிலோ 400 ரூபாய் என்று கொண்டால் 6,400. அது தின்ற அடர்தீவனத்துக்கு ஒரு 900 ரூபாயைக் கழித்தால் 5,500. அதாவது நாலு குட்டி கூடுதலாகப் பிழைத்தால்தான் அந்தப் பளபளப்புக்குச் சம்பளம் கொடுக்க முடியும். மரச்சட்டப் பரணில் சாகும் குட்டி பிளாஸ்டிக் பரணில் பிழைத்துவிடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் இல்லை.

இன்னும் சொன்னால், பச்சைக்குட்டிக்குப் பரணே ஆபத்து. பெரிய ஆட்டுக்கு ஏற்ற இடைவெளியில் பிறந்த குட்டியின் கால் சிக்கும். கார்த்திகை, மார்கழியில் தளத்தின் அடியிலிருந்து ஏறும் ஈரக்காற்று நனைந்த குட்டியை ஒரே இரவில் விறைக்க வைத்துவிடும். ஆகவே ஈனும் தடுப்பு மட்டும் மண்தரையில், வைக்கோல் பரப்பி, காற்று அடிக்காத மூலையில் இருக்க வேண்டும். பரண் விற்பவர்கள் காட்டும் வரைபடம் பலவற்றில் இந்த மூலை இருப்பதில்லை.

இனி இனப்பெருக்கம். பெட்டை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் 150 நாள். ஈன்ற மூன்றாம் மாதம் மறுபடி சினைப்பட்டால் 8 மாதச் சுழற்சி சரியாக வரும். இதை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். மார்ச்சில் ஈன்ற ஆடு அடுத்து நவம்பரில் ஈனும், அதற்கடுத்து ஜூலையில், பிறகு மறுபடி மார்ச்சில். 2 வருடத்தில் 3 ஈற்று என்றால் அதில் ஒன்று பெரும்பாலும் கொட்டும் மழையில் விழும். குட்டி அதிகமாகச் சாவதும் அந்த ஈற்றில்தான்.

இதை எண்ணாக்கிப் பார்ப்போம். 8 மாதச் சுழற்சியை விரட்டும் புதியவருக்கு இடைவெளி நடைமுறையில் 9, 10 மாதமாக நீளும். சினை பிடிக்காதவை போக வருடத்துக்கு 21 ஈற்று, சராசரி ஒன்றரைக் குட்டி என்றால் 32 பிறக்கும். ஐந்தில் ஒன்று செத்தால் மிஞ்சுவது 25, 26. இன்னொருவர் கிடாவைத் தனியே கட்டி வைத்து, அக்டோபர் நடுவிலிருந்து 45 நாள் மட்டும் மந்தையில் விடுகிறார். அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்குக் கூடுதல் தீவனம் கொடுக்கிறார். அப்போது இரட்டைக்குட்டி கொஞ்சம் கூடும். 18 ஆடு ஈன்று 29 குட்டி பிறந்து, பத்தில் ஒன்று செத்தாலும் 26 மிஞ்சும். இரண்டு பேர் கையிலும் ஒரே எண்ணிக்கைதான். ஆனால் முதலாமவர் ஆடுகள் களைத்திருக்கும், குட்டிகள் ஆளுக்கொரு வயதில் இருக்கும். இரண்டாமவர் குட்டிகள் பங்குனி, சித்திரையில் காய்ந்த தரையில், ஒரே செட்டாகப் பிறந்திருக்கும்.

வருடத்துக்கு ஒரு ஈற்று என்பதில் குறை இல்லாமல் இல்லை. சும்மா நிற்கும் மாதங்களிலும் ஆடு தின்னும். கோடையில் பசுந்தீவனம் குறையும்போது பால் கொடுக்க வேண்டியிருக்கும். கிணற்றுத் தண்ணீரில் அரை ஏக்கராவது கம்பு நேப்பியரும் வேலிமசாலும் அகத்தியும் இல்லாதவர் இதில் இறங்குவது வீண். மழைக்காலக் குட்டியைக் காப்பாற்றத் தெரிந்த பழைய கைக்கு 3 ஈற்றுதான் லாபம். அந்தக் கை முதல் இரண்டு வருடத்தில் வந்துவிடாது என்பதே என் வாதம்.

குட்டிச் சாவை விழுக்காட்டால் பேசுவதில் பயன் குறைவு. எந்த வயதில் செத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் சாவது பசியாலும் குளிராலும். ஒரு மாதத்தை ஒட்டிச் சாவது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். பால் மறந்தபின் மெலிந்து, தாடை வீங்கிச் சாவது குடற்புழு. நன்றாகக் கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. வயது வித்தியாசமில்லாமல் காய்ச்சலும் மூக்கொழுகலும் வாய்ப்புண்ணும் கழிச்சலுமாகப் பரவினால் ஆட்டுக்கொல்லி. சந்தையில் பத்துக் கை மாறிய ஆடுகளை ஒரே நாளில் வாங்கி வந்து, மூன்று வாரம் தனியே வைக்காமல் கலந்தவர்களுக்கு அது வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும்.

அதிகம் கைநழுவுவது முதல் வாரம்தான். தலையீற்று ஆடு குட்டியை நக்கிவிட்டு ஒதுங்கி நிற்கும். குட்டி மடியை முட்டிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் அது குடிக்கிறது என்று நினைத்துப் போய்விடுவார். காம்பின் நுனி அடைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பீச்சுப் பீச்சிப் பால் வருகிறதா என்று பார்த்து, குட்டியின் வயிற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டிய வயிறாக இருந்தால் அது குடிக்கவில்லை. 2 கிலோக் குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி சீம்பாலாவது போக வேண்டும், முதல் வாய் ஒரு மணி நேரத்துக்குள். ஒரு நாள் கழிந்தால் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் உறிஞ்சாது. துவண்ட குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் முதலில் சூடு காட்ட வேண்டும். விறைத்த குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரிக்காமலே சாகும். தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைப்பது ஒரு நிமிட வேலை.

இதில் பாதி வேலை ஈற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வயிற்றுக்குள் குட்டி பெருப்பது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். அப்போது அடர்தீவனத்தை நிறுத்திச் சிக்கனம் பார்த்தால் 1 கிலோக் குட்டி பிறக்கும், மடியில் சீம்பாலும் இருக்காது. ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போடும் துள்ளுமாரி ஊசி, சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பாகும்.

இவ்வளவும் செய்தபின் வருமானம் எவ்வளவு? 25 குட்டிக்கு 1,60,000 ரூபாய். தாய் ஆடுகளின் அடர்தீவனம் நாளுக்கு 200 கிராம், கிலோ 30 ரூபாய் என்று சுமார் 44,000. குட்டிகளுக்கு 22,500. மருந்து, ஊசிக்கு 10,000. மிஞ்சும் 83,500-இல் மலிவுக் கொட்டிலுக்கு 22,500 போனால் 61,000, ஆடம்பரக் கொட்டிலுக்கு 45,000 போனால் 38,500. பசுந்தீவனச் செலவும் வீட்டாள் கூலியும் இதில் இல்லை. முதல் வருடத்தில் விற்கக் குட்டியே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் திருத்திய தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா அலகிலிருந்து பாதி மானியம் கிடைப்பது பலரை இழுக்கிறது. 20 ஆட்டில் ஐந்தில் ஒரு குட்டியை இழப்பவர் 100 ஆட்டில் அதைவிடக் குறைவாக இழக்க வழியில்லை. மானியம் கொட்டிலைக் கட்டித் தரும், இரவில் குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்க்காது.

விற்பனைக்கு வருவோம். ஆடியில் ஊர்க் கோயில் கொடையால் கிராக்கி ஏறும், புரட்டாசியில் இறங்கும், தீபாவளிக்கு மறுபடி ஏறும், ஐயப்பன் மாலை போடும் மாதங்களில் தணியும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நிற்க இடம் இருக்காது. 2026 மார்ச்சில் பிறந்த குட்டி நவம்பர் 8 தீபாவளிக்கு எட்டாம் மாதத்தில் நிற்கும். அக்டோபரில் கிடா விடுவதன் கணக்கு இங்கேதான் முடிகிறது. ஒரே வயதில் பத்துப் பன்னிரண்டு கிடாக்குட்டி இருந்தால் வியாபாரி வீடு தேடி வருவார். ஒன்று இரண்டாகச் சந்தைக்கு ஓட்டிப் போனால் வண்டி வாடகையும் தரகும் தின்றுவிடும். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில், அன்று காலை தராசில் எடை பார்த்துக் கொண்டு போனவர் மட்டுமே ஏமாறாமல் திரும்புவார்.

பக்ரீத்தைக் குறிவைப்பதில்தான் புதியவர் அதிகம் தவறுகிறார். குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வருடம் நிறைந்திருக்க வேண்டும். கண், காது, கொம்பு, காலில் ஊனம் இருக்கக் கூடாது. வாங்குபவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார். எட்டு மாதக் குட்டியை எவ்வளவு கொழுக்க வைத்தாலும் அங்கே அது கறிக்குட்டி விலைதான். மார்ச் 2026 குட்டிகளில் நல்ல கிடா மூன்று நான்கை மட்டும் நிறுத்தி, 2027 மே நடுவில் வரும் பக்ரீத்துக்குக் கொண்டுபோகலாம். கூடுதல் ஆறு மாதத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 1,100, 1,200 ரூபாய் அடர்தீவனம் ஆகும். மூன்று கிலோ ஏறினாலே அது மீளும். ஆனால் அவற்றைக் காயடிக்காமல் விட்டால் தனித் தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் அக்டோபர்வரை காத்திருக்காமல் பெட்டைகளைச் சினையாக்கிவிடும். பக்ரீத் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், 2032-இல் அது மார்ச் நான்காம் வாரத்துக்கு வந்துவிடும். அந்த ஆண்டு, முந்தைய சித்திரையில் பிறந்த கிடாவுக்கு வயது போதாது. கிடா விடும் மாதத்தை அதற்குள் திருத்தியிருக்க வேண்டும்.