இலவசத் தளத்தில் தங்காத பதிவேடு

பள்ளித் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் கியூஆர் குறியீடு ஒட்டுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. நடுவர் கைப்பேசியை நீட்டியதும் மாணவரின் இணையதளம் திறக்க வேண்டும். திறந்தால் மதிப்பெண், திறக்காவிட்டால் முகச்சுளிப்பு. "இதற்கென்ன காசா, பணமா? இலவச ஹோஸ்டிங் எத்தனை கிடக்கிறது!" என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். எத்தனை கிடக்கிறது என்பதல்ல, எது எதைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும் மட்டுமே கொண்ட தளத்துக்கு கிட்ஹப் பேஜஸ் தாராளம். 1 ஜிபி வரை வைக்கலாம். மாதம் 100 ஜிபி வரை பார்வையாளருக்குப் போகலாம். பள்ளி முழுவதும் திறந்து பார்த்தாலும் அந்த வரம்பு கண்ணில் படாது. இலவசக் கணக்கில் கோப்புகளை எவரும் பார்க்கலாம் என்பதால் மாணவர்களின் தொலைபேசி எண்களை அதில் வைக்கக் கூடாது. விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் அங்கே தெரியாமல் போனால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: `Photo.JPG` வேறு, `photo.jpg` வேறு. இவை திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள்.

திருத்த முடியாதது தரவுத்தளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் உண்டு. சிபிஎஸ்இ மாணவர்கள் பைத்தானுடன் மைஎஸ்கியூஎல் படிக்கிறார்கள். ஆகவே வருகைப் பதிவேடு, நூலகப் பதிவேடு என்றுதான் திட்டங்கள் அமைகின்றன. கிட்ஹப் பேஜஸ் பிஎச்பியையோ பைத்தானையோ சர்வரில் இயக்காது. அதனால் மாணவர் ரெண்டர் போன்ற சேவையின் இலவசத் திட்டத்துக்குப் போகிறார்.

ஒரு நூலகப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். பைத்தானின் ஃபிளாஸ்கில் எழுதியது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது எஸ்கியூலைட் கோப்பில் சேர்கிறது:

```python
con = sqlite3.connect("library.db")
```

வீட்டுக் கணினியில் இது பிழையில்லாமல் ஓடும். ரெண்டரில் ஏற்றிய பிறகும் ஓடும், ஆனால் சிறிது நேரத்துக்குத்தான். 15 நிமிடம் யாரும் வராவிட்டால் இலவசச் செயலி உறங்கிவிடுகிறது; அடுத்து வருபவருக்காக அது விழித்தெழ ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. கியூஆர் குறியீட்டைத் தட்டிவிட்டு வெற்றுத் திரையைப் பார்த்து நிற்கும் நடுவருக்கு அந்த ஒரு நிமிடம் நீளம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உறங்கும்போது, இயங்கிய காலத்தில் வட்டில் எழுதப்பட்டவை எல்லாம் அழிந்துபோகின்றன. விழித்தெழும் செயலி, மாணவர் முதலில் ஏற்றிய பழைய `library.db` கோப்போடுதான் எழுகிறது. காலையில் பதிந்த பத்துப் புத்தகங்கள் மாலையில் இல்லை.

மாணவர் இதைத் தன் நிரலின் பிழை என்றே நினைக்கிறார். `commit()` விட்டுப்போயிற்றோ என்று தேடித் தேடி இரவைத் தொலைக்கிறார். காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு பதிவைச் சேர்த்து உடனே பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள், பிறகு அரை மணி நேரம் தொடாமல் விட்டுத் திறந்து பாருங்கள். முதலில் இருந்து, பிறகு காணாமல் போனால் குற்றம் நிரலில் இல்லை.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகத் தளத்தைத் தட்டும் சேவையை வைத்து உறங்கவிடாமல் செய்யலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். உறக்கம் தவிரும், இழப்பு தவிராது. நிரலில் ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினாலே பதிவுகள் போய்விடும். சரி, தனித் தரவுத்தளம் வைக்கலாமே என்றால், அங்கே இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸின் ஆயுள் 30 நாள். முதல் பருவத்தில் தொடங்கிய திட்டம் ஆண்டு இறுதித் தேர்வைக் காணாது.

வேறு சேவைக்கு மாறினாலும் நிலைமை உறுதியில்லை. ஹெரோக்கு தன் இலவசத் திட்டங்களை 2022 நவம்பரில் நிறுத்தியது. கிளிட்ச் 2025 ஜூலையில் தளங்களை வைத்திருப்பதையே கைவிட்டது. 'இதுவும் ஒரு பாடம்தானே' என்பது சமாளிப்பு. சர்வரின் உறக்கத்துக்கு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அதைப் பாடம் என்பது நியாயமாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரவுத்தளத் திட்டத்தை ஆய்வகக் கணினியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி மதிப்பிடுங்கள். இணைப்பு வேண்டுமானால் திட்ட விளக்கமும் திரைப்பிடிப்புகளும் கொண்ட நிலையான பக்கத்துக்குக் கேளுங்கள். இலவச சர்வர் ஒரு மணி நேரச் செயல்விளக்கத்துக்கு ஆகும். பதிவேடு வைக்க ஆகாது.