கொம்பு எங்கே நிற்கும்?

'இங்கே' என்ற சொல்லை எழுதும் கை முதலில் இ போடுகிறது, பிறகு ங் போட்டுப் புள்ளி வைக்கிறது, அடுத்து இரட்டைக்கொம்பை இழுத்துவிட்டுத்தான் ககரத்துக்கு வருகிறது. வாய்க்கு வரிசை வேறு. அதற்குக் ககர மெய் முந்தி, ஏகாரம் பிந்தி. யூனிகோடு இதில் வாயின் பக்கம் நிற்கிறது. கணினிக்குள் இந்தச் சொல் ஐந்து எண்களாக, ஒலிக்கும் வரிசையிலேயே கிடக்கிறது:

```
0B87  இ
0B99  ங
0BCD  புள்ளி
0B95  க
0BC7  ஏகாரக் குறி
```

கடைசியில் கிடக்கும் இந்தக் குறி திரையில் ககரத்துக்கு இடப்புறமும் ங்-க்கு வலப்புறமும் வந்து நிற்க வேண்டும். அதைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை ஓப்பன்டைப் இரண்டு பேருக்குப் பங்கிட்டிருக்கிறது. எதை எங்கே நகர்த்துவது என்பது ஷேப்பர் என்கிற நிரலின் பொறுப்பு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாவற்றிலும் இருக்கும் ஹார்ஃப்பஸ் அப்படிப்பட்ட ஒன்று. எந்த வடிவங்கள் சேர்ந்தால் எந்தப் புது வடிவம் வரும் என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளின் பொறுப்பு. இந்தப் பங்கீட்டில் நான் பெரிதும் ரசிப்பது ஒரு பொறுமையை. கொம்பின் இடத்தை ஷேப்பர் ஒரே மூச்சில் தீர்மானித்துவிடுவதில்லை. தற்காலிகமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு, மற்ற எழுத்துகள் தங்களுக்குள் என்ன செய்துகொள்கின்றன என்று பார்த்த பிறகே இறுதி இடம் தருகிறது. தமிழ் சரியாகத் தெரிவது இந்தத் தாமதத்தால்தான் என்பது என் கட்சி.

நடப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். ஷேப்பர் முதலில் உரையைத் துண்டுகளாக வெட்டுகிறது. 'இ' ஒரு துண்டு. 'ங்கே' முழுவதும் இன்னொரு துண்டு. நமக்கு ங் தனியெழுத்து, கே தனியெழுத்து. ஷேப்பரின் இலக்கணம் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக எழுதப்பட்டது என்பதால், புள்ளி வைத்த மெய்யும் அடுத்து வரும் மெய்யும் அதற்கு ஒரே கூட்டு. அந்தக் கூட்டில் கடைசி மெய்யான ககரத்தை அது அடிப்படை எழுத்தாகக் கொள்கிறது. ஏகாரக் குறியைத் தூக்கித் துண்டின் தொடக்கத்தில், ங-வுக்கும் முன்னால் வைக்கிறது. இது தற்காலிக இடம். அடுத்து எழுத்துருவின் விதிகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. அவற்றில் `half` என்ற விதி, ங-வையும் புள்ளியையும் சேர்த்து 'ங்' என்ற ஒற்றை வடிவமாக்குகிறது. இந்த விதிகள் ஓய்ந்த பிறகு ஷேப்பர் மறுபடி கொம்பிடம் வருகிறது. இப்போது அதை நகர்த்தி, ங்-ஐத் தாண்டவைத்து, ககரத்துக்கு ஒட்டி முன்னால் நிறுத்துகிறது. இ, ங், கொம்பு, க. கை எழுதும் அதே வரிசை.

இரண்டாம் நகர்த்தல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தேவநாகரியே சாட்சி. 'சக்தி' என்பதை இந்தியில் எழுதும்போது இகரக் குறி தகரத்தை மட்டும் தாண்டி நிற்பதில்லை; ககரத்தின் அரை வடிவத்துக்கும் இடப்புறம் போய்விடுகிறது. அந்த எழுத்துமுறையில் அதுவே சரி, ஏனென்றால் அங்கே அரை ககரமும் தகரமும் ஒன்றாகப் பிணைந்த உரு. அதே விதியைத் தமிழுக்கும் வைத்தால் 'இங்கே'யில் கொம்பு இகரத்தை ஒட்டி நிற்கும். படிப்பவர் 'இஙே்க' போன்ற ஏதோ ஒன்றைப் பார்த்துத் திகைப்பார். ஹார்ஃப்பஸ் நிரலில் இதற்கென்று மலையாளத்துக்கும் தமிழுக்கும் மட்டும் ஒரு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரு மொழிகளிலும் `half` விதியால் பிறப்பது அரை எழுத்தன்று, தன் காலில் நிற்கும் முழு வடிவம். ஆகவே கொம்பு அதைத் தாண்டி உள்ளே வரலாம் என்பது அதன் சாரம். புள்ளி பெற்ற மெய் தமிழில் தனியெழுத்து என்ற நம் பள்ளிப் பாடம் அந்தச் சில வரி நிரலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட நுட்பமானது 'க்ஷேமம்'. எண் வரிசையில் 'ங்கே'வும் 'க்ஷே'வும் ஒரே அச்சு: மெய், புள்ளி, மெய், ஏகாரக் குறி. ஆனால் க்ஷகரம் கூட்டெழுத்து. கொம்பு அதன் நடுவே புகக் கூடாது, மொத்த உருவுக்கும் இடப்புறம் நிற்க வேண்டும். இந்த அச்சை மட்டும் பார்க்கும் எந்த விதியாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. எழுத்துருவில் க்ஷ என்ற உரு பிறந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்தப் பிறப்பு இப்படி எழுதப்படுகிறது:

```
feature akhn {
  sub ka-tamil virama-tamil ssa-tamil by kssa-tamil;
} akhn;
```

`akhn` விதி `half`-க்கு முன்பே ஓடிவிடும். எனவே ககரத்தின் புள்ளியை 'க்' என்ற வடிவம் விழுங்குவதற்குள் மூன்று உருக்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஷேப்பர் இரண்டாம் முறை கொம்பைப் பார்க்க வரும்போது தாண்டுவதற்கு அங்கே தனி மெய் எதுவும் மிச்சமில்லை; கொம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த ஒழுங்கைத் தவறவிட்ட எழுத்துருவைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. சிலர் இந்தக் கூட்டெழுத்து விதியை `psts` போன்ற பிந்தைய கட்டத்தில் வைத்துவிடுகிறார்கள். `half` புள்ளியைத் தொடாத எழுத்துருவானால் அப்போதும் 'பக்ஷம்' ஒழுங்காகவே வரும், அதனால் பிழை கண்ணில் படாது. 'க்ஷேமம்' என்று தட்டிப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும். விதி ஓடும் நேரத்தில் கொம்பு ஏற்கெனவே ஷகரத்தின் முன் வந்து நின்றிருக்கும். நடுவில் ஆள் இருப்பதால் கூட்டு சேராது. க், கொம்பு, ஷ என்று உடைந்து நிற்கும். ஓர் எழுத்துருவை மதிப்பிட அழகான தலைப்பெழுத்துகளைக் காட்டுவதைவிட இந்த ஒரு சொல்லைக் கேட்பது மேல்.

கூட்டெழுத்து வேண்டாம் என்று எழுதுபவர் நினைத்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 'ரிக்‌ஷா' என்று க்-ஐயும் ஷா-வையும் பிரித்தே எழுதுவது நம் பழக்கம். புள்ளிக்கும் ஷகரத்துக்கும் நடுவே `U+200C` என்ற, அகலமே இல்லாத ஓர் எழுத்தை வைத்தால் விதி பொருந்தாமல் போய் இரண்டும் பிரிந்தே நிற்கும்.

இவ்வளவு சுற்று எதற்கு என்ற கேள்வி பழையது, நியாயமானதும்கூட. தமிழுக்கு 247 எழுத்து. கிரந்தம் சேர்த்தாலும் நானூறைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் நகர்த்தலும் வேண்டாம், சேர்த்தலும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 இந்த எண்ணத்தின் விளைவு. இதன் வலுவை நான் மறுக்க மாட்டேன். 'தமிழ்' மூன்று எழுத்து என்று குழந்தைக்குத் தெரியும். யூனிகோடு நிரல் எண்ணினால் ஐந்து என்கிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்பது நம் இலக்கணம். யூனிகோடோ அகரம் ஏறிய ககரத்தை முதலாக வைத்து, புள்ளியைச் சேர்த்து அதை மெய்யாக்குகிறது. இரண்டும் நெருடத்தான் செய்கின்றன. ஆனால் எழுத்துக்கு ஓர் எண் தந்தால் இவ்வளவு நுட்பமும் வேண்டியிராது என்ற கணக்கு முழுக்கச் சரியன்று. டேஸ்-16 யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் இருப்பதால், அங்குள்ள எண் தமிழெழுத்து என்று உலகத்து நிரல்கள் எதுவும் தானாக அறிந்திராது. எழுத்தை எண்ணும் குறையையோ நிரல்கள் துண்டுகளை அறிந்து எண்ணினால் போக்கிவிடலாம். இலக்கண நெருடல் திரைக்குப் பின்னால் நிற்பது, படிப்பவர் கண்ணுக்கு வருவதில்லை.

உண்மையில் நாம் ஒருமுறை எளிய வழியில் போய்ப் பார்த்திருக்கிறோம். டிஸ்கி, 1999இல் வகுக்கப்பட்ட டாப் போன்ற குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் உருக்களுக்கே எண் கொடுத்தன. தட்டச்சுப் பொறியைப் போல 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று எண்ணாகக் கிடந்தது. ஷேப்பர் தேவைப்படவில்லை, ஆனால் அகர வரிசைப்படுத்தவோ ககரத்தில் தொடங்கும் சொற்களைத் தேடவோ ஒவ்வொரு நிரலும் கொம்பைத் தாண்டி எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. ஷேப்பர் ஒரே இடத்தில் செய்யும் வேலையைத் தேடுபவர், அடுக்குபவர், திருத்துபவர் எல்லோரும் தனித்தனியாகச் செய்தார்கள். சிக்கல் குறையவில்லை, பரவியது.

அதே 'கொ' ஓப்பன்டைப்பில் எப்படி ஆகிறது என்பதில் இன்னோர் அழகு இருக்கிறது. ஒகரக் குறி ஓர் எண்தான், `U+0BCA`. ஷேப்பர் அதை ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிளந்து, கொம்பை இடப்புறம் அனுப்பிவிட்டுக் காலை வலப்புறமே விட்டுவிடுகிறது. இந்தப் பிளப்பு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய உருக்களை மீட்கவும் உதவுகிறது. அப்போது மாறிய பதின்மூன்று எழுத்துகளில் ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்து எழுதப்பட்டவை. ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை தூக்கியவை. பழைய நூலொன்றை அக்கால முகத்தோடு அச்சிட விரும்பும் எழுத்துரு வடிவமைப்பாளர், ண-வும் காலும் சேர்ந்தால் பழைய ணா என்று ஒரு விதி எழுதினால் போதும். ணொ, ணோ தாமாகவே பழைய உருவுக்கு வந்துவிடும், ஏனென்றால் அவற்றின் காலும் பிளந்து வந்து ணகரத்தின் பக்கத்தில்தான் நிற்கிறது. ணை-க்கு விதி சற்று வேறு: கொம்பு நகர்ந்து முன்னால் வந்த பிறகே ஓட வேண்டும் என்பதால் அது `pres` கட்டத்தில் அமர்கிறது. உரையில் ஓர் எண்ணும் மாறாது. அதே கோப்பு ஓர் எழுத்துருவில் 1950களின் முகத்தோடும் இன்னொன்றில் இன்றைய முகத்தோடும் தெரியும்.

உகர, ஊகார வரிசைகளில் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. கு வளைந்து சுற்றுகிறது, பு கீழே இறங்குகிறது, து காலூன்றித் திரும்புகிறது. பொதுவான ஒரு குறியை ஒட்டவைத்து இவற்றைப் பெற முடியாது. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக முப்பத்தாறு உருக்களை ஒருவர் உட்கார்ந்து வரைந்தே ஆக வேண்டும். டி, டீ இரண்டும் அப்படியே. இங்கே விதி வெறும் ஏவலாள். கலை முழுவதும் வரைபவர் கையில்.

ஷேப்பர் செய்ய முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'கௌரவம்' என்பதைப் பலர் 'கெளரவம்' என்று, ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். ஔகாரக் குறியின் வலப் பாதியும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உரு என்பதால் திரையில் வேறுபாடு தெரியாது. ஷேப்பருக்கு இது கெ, ள என்ற இரண்டு துண்டு. எழுத்துகளை அகலப்படுத்தி அச்சிடும் தலைப்பில் ளகரம் விலகிப்போகும்; தேடினால் அந்தச் சொல் அகப்படாது. எழுதியவர் நினைத்தது கௌ என்று ஊகித்துத் திருத்துவது ஷேப்பரின் வேலையன்று, திருத்தவும் கூடாது. அப்படிச் செய்தால் 'கெளுத்தி' கௌ-வில் தொடங்கும் மீனாகிவிடும்.